640 வெள்ளி திரும்பி வந்த பிறகு

மனுநீதிச் சோழன் கதை நம்மில் எல்லாருக்கும் தெரியும். கன்றை இழந்த பசு மணியை அடிக்கிறது, ராஜா தன் மகன் மேலேயே தேரை ஓட்டுகிறார். சின்ன வயசில் சமய வகுப்பில் இந்தக் கதையைக் கேட்டு எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நீதி என்றால் இதுதான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கேள்வி மட்டும் எனக்கு அப்போது தோன்றவே இல்லை. மணி அடித்த அந்தப் பசுவுக்கு என்ன வேண்டும் என்று அந்தக் கதையில் யாராவது கேட்டார்களா? கடைசியில் சிவபெருமான் வந்து கன்றையும் பிள்ளையையும் உயிரோடு எழுப்பித் தருகிறார், அதனால் அந்தக் கேள்விக்கு வேலை இல்லாமல் போய்விடுகிறது. நம் வாழ்க்கையில் அப்படி யாரும் வந்து எழுப்பித் தருவதில்லை.

இந்தக் கேள்வி எனக்கு ஒரு பால் டின்னில் இருந்து வந்தது. அதைச் சொல்கிறேன்.

தைப்பூசத்துக்கு நம் பிள்ளைகள் தண்ணீர்ப் பந்தல் போடுவது வழக்கம்தானே. எங்கள் பக்கத்திலும் ஒரு பந்தல் போட்டோம். நன்கொடை எல்லாம் ஒரு பழைய பால் டின்னில் விழும். பொருளாளர் ஒரு தங்கச்சி, வயது 20. ராத்திரி எண்ணி நோட்டில் எழுதுவது அவள் வேலை. கூட உதவிக்கு 18 வயதுத் தம்பி ஒருவன். மறுநாள் கணக்குப் பார்த்தால் 640 வெள்ளி குறைந்தது.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் தலைவர் கேட்டார், "யாராவது எடுத்தீங்களா? இப்பவே சொல்லிடுங்க." யாரும் பேசவில்லை. எல்லார் கண்ணும் பொருளாளர் பக்கம் போனது. கூட்டம் முடிந்ததும் நானே அவளிடம் போய், "நல்லா எண்ணினியாமா?" என்று கேட்டேன். அக்கறையாகக் கேட்டதாகத்தான் நினைப்பு. அடுத்த வாரம் அவளைப் பொறுப்பிலிருந்து "தற்காலிகமாக" விலக்கி, அதைக் கூட்டக் குறிப்பிலும் எழுதினோம்.

6 வாரம் கழித்து அந்தத் தம்பி தன் அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டான். அப்பா மறுநாளே உறையில் 640 வெள்ளியும், மேலே கோயிலுக்கு 100 வெள்ளியும் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். தம்பியை 3 மாதம் வர வேண்டாம் என்று சொன்னோம். தலைவர் கூட்டத்தில், "விஷயம் முடிஞ்சது, இனி யாரும் இதைப் பேசக்கூடாது" என்றார். பணம் வந்துவிட்டது, தண்டனையும் கொடுத்தாயிற்று. கணக்குப்படி பார்த்தால் எல்லாம் சரிதான்.

ஆனால் அந்தத் தங்கச்சி திரும்பி வரவில்லை. புலனக் குழுவிலிருந்தும் விலகிவிட்டாள். "அதான் எல்லாம் தீர்ந்துடுச்சே, இன்னும் ஏன் கோபமா இருக்கா?" என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அதில் என் குரலும் உண்டு.

அந்தச் சமயத்தில்தான் சீரமைப்பு வட்டம் என்ற முறையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். தீங்கு நடந்த பிறகு செய்தவர், பட்டவர், சுற்றியிருக்கிற சமூகம் மூன்று தரப்பும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்து, உடைந்ததைச் சரிசெய்ய வழி தேடுவது. இதற்குப் பல ஊர்களில் பல வேர் உண்டு. நியூசிலாந்தில் மாவோரி மக்களின் குடும்பக் கூடலை அடிப்படையாக வைத்து 1989-இல் இளையோர் வழக்குகளுக்குச் சட்டமே கொண்டுவந்தார்கள். நான் படித்த முறை பிரேசிலில் உருவானது. 1990களின் நடுவில் ரியோ டி ஜெனிரோவின் ஏழைக் குடியிருப்புகளில், போதைப்பொருள் கும்பல்களும் போலீசும் மோதிக்கொண்டிருந்த இடங்களில், டொமினிக் பார்ட்டர் என்பவர் அங்குள்ள மக்களோடு சேர்ந்து இதை வளர்த்தார். அவருடைய முறையில் குற்றவாளி என்றோ பாதிக்கப்பட்டவர் என்றோ யாருக்கும் முத்திரை குத்துவதில்லை. ஒரு செயல் நடந்தது, அதைச் செய்தவர் ஒருவர், அது போய் விழுந்தது இன்னொருவர் மேல். அவ்வளவுதான்.

வட்டம் என்றதும் எல்லாரையும் உட்கார வைத்து மனம் விட்டுப் பேசச் சொல்வது என்று நானும் நினைத்திருந்தேன். உண்மையில் பெரும்பாலான வேலை வட்டத்துக்கு முன்னாலேயே நடக்கிறது. நடத்துகிறவர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் போய்ப் பார்க்க வேண்டும். எந்தச் செயலைப் பற்றிப் பேசப்போகிறோம், வட்டத்தில் என்ன நடக்கும், வேறு யாரெல்லாம் அங்கே இருக்க வேண்டும், வர விருப்பமா, இத்தனையும் பேசி முடிக்க வேண்டும். வரமாட்டேன் என்று சொல்ல ஒவ்வொருவருக்கும் உண்மையாகவே வழி இருக்க வேண்டும். அது இல்லை என்றால் அது வட்டம் இல்லை, நம் ஊர்ப் பஞ்சாயத்துதான்.

நானே நடத்துகிறேன் என்று தங்கச்சி வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி கொடுத்தாள். நான் படித்ததை எல்லாம் விளக்கிச் சொன்னேன். கடைசிவரைக்கும் கேட்டுவிட்டு, "அண்ணே, நல்லா எண்ணினியான்னு நீங்களும்தானே என்னைக் கேட்டீங்க?" என்றாள். நடத்துகிறவர் நாற்காலியிலிருந்து நான் அப்போதே இறங்கிவிட்டேன். வேறு ஊரில் பள்ளி ஆலோசகராக இருக்கிற ஓர் அக்கா, எங்கள் யாரையும் தெரியாதவர், நடத்த ஒத்துக்கொண்டார்.

அந்த அக்கா செய்த முதல் வேலை, செயல் எது என்று கண்டுபிடித்தது. நாங்கள் "திருட்டு" என்றோம். "திருட்டுன்னா அது நீங்க வச்ச பேரு. அங்க ஒரு கேமரா இருந்திருந்தா அதுல என்ன தெரிஞ்சிருக்கும்?" என்று கேட்டார். பேர் வைத்துவிட்டால் சண்டை அந்தப் பேரைச் சுற்றியே நடக்கும் என்பதற்காக இந்தக் கேள்வி. தம்பி சொன்னான், "ராத்திரி அக்கா கிளாஸ் கழுவப் போனப்போ டின்னிலேருந்து எடுத்தேன்." இதே கேள்வியைத் தங்கச்சியிடம் கேட்டபோது அவள் டின்னைப் பற்றிப் பேசவே இல்லை. "ஞாயித்துக்கிழமை கூட்டத்துல தலைவர் கேட்டப்போ அவன் ரெண்டாவது வரிசையில குனிஞ்சு உட்கார்ந்திருந்தான். எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. அவனும் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அப்புறம் திரும்பக் குனிஞ்சிக்கிட்டான். அதுதான்."

நாங்கள் 640 வெள்ளிக்குத் தீர்ப்புச் சொல்லியிருந்தோம். அவளுக்கு நடந்தது வேறு. பசுவிடம் யாரும் கேட்கவில்லை என்று சொன்னேனே, நாங்களும் கேட்கவில்லை.

வட்டம் ஒரு சனிக்கிழமை ராத்திரி 8 மணிக்கு, டியூஷன் நடக்கிற அறையில். நடுவில் மேசை கிடையாது, கைப்பேசி எல்லாம் ஒரு கூடைக்குள். தங்கச்சி, அவள் அம்மா, தம்பி, அவன் அப்பா, தலைவர், அவளைப் பற்றி வெளியே முதலில் பேசிய ஓர் ஆண்டி, நான், நடத்துகிற அக்கா. மொத்தம் 8 பேர். 2 மணி 40 நிமிடம் ஆனது.

முதல் கட்டத்தில் ஒரே ஒரு கேள்விதான். நடந்ததை நினைத்தால் இப்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது? முதலில் பட்டவர் பேசுவார். அவர் பேசி முடித்ததும் செய்தவரிடம் ஒரு கேள்வி, "அவர் சொன்னதில் நீங்கள் என்ன கேட்டீர்கள்?" அவர் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு பேசியவரிடம், "அதுதானா?" இல்லை என்றால் அவர் மறுபடி சொல்வார், இவர் மறுபடி கேட்பார். எழுத்தில் பார்த்தால் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரிதான் இருக்கும்.

தங்கச்சி சொன்னாள், "கடையில காசு கொடுக்கறப்போ நான் இப்பல்லாம் கடைக்காரர் பார்க்கற மாதிரி ரெண்டு தடவ எண்ணிக் கொடுக்கறேன். அவர் கேட்கல. நானா எண்ணறேன்."

அக்கா தம்பியைப் பார்த்தார். அவன் உடனே, "சாரிக்கா" என்றான்.

"சாரி அப்புறம் சொல்லலாம். இப்ப அவங்க சொன்னதுல என்ன கேட்டீங்க?"

"நான் பணம் எடுத்தது தப்புன்னு..."

"அவங்க அதைச் சொன்னாங்களா?"

தங்கச்சி திரும்பவும் சொன்னாள். நாலாவது தடவையில்தான் அவன் வாயிலிருந்து வந்தது, "என்னால அக்காவுக்குக் கடைக்குப் போகவே பயமா இருக்கு."

"அதுதானா?"

"பாதி," என்றாள். "பயம் இல்ல. அவமானம்."

"அவமானம்," என்று அவன் திருப்பிச் சொன்னான். அப்போதுதான் முதல் தடவையாக அழுதான். அதுவரை எங்களுக்கு அவன் அழாதது கோபமாக இருந்தது. ஆனால் முதல் நிமிடத்திலேயே அழுது மன்னிப்புக் கேட்டிருந்தால் நாங்கள் எல்லாரும் அவனைத் தேற்றத்தான் ஓடியிருப்போம். அவளைப் பற்றிய பேச்சு அதோடு முடிந்திருக்கும். சீக்கிரம் வருகிற சாரி பல நேரம் கேட்பதை நிறுத்துகிற சாரிதான் என்று எனக்கு அன்றைக்குப் பட்டது.

பிறகு அவன் பேச, அவள் கேட்டுத் திருப்பிச் சொன்னாள். பிறகு எங்கள் முறை. நான் பேசினதை விட்டுவிடுகிறேன். தலைவர் முறை வந்தபோது அவர் இளைஞர்களின் ஒழுக்கம் பற்றி ஆரம்பித்தார். இது வட்டம் கெட்டுப்போகிற வழக்கமான இடம். பெரியவர் ஒருவர் பேச்சை எடுத்தால் மற்றவர்கள் பார்வையாளர் ஆகிவிடுவார்கள். அக்கா பொறுமையாக, "அண்ணே, பிள்ளைங்களப் பத்தி இல்ல. உங்களுக்கு இப்ப எப்படி இருக்குன்னு" என்றார். தலைவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பிள்ளை அப்பாவ எனக்கு 30 வருஷமாத் தெரியும். இப்ப அவர் என்னைப் பார்த்தா வேற பக்கம் போறாரு" என்றார்.

இரண்டாவது கட்டத்துக்கும் ஒரு கேள்விதான். அந்த நேரத்தில் அப்படிச் செய்தபோது நீங்கள் எதைத் தேடினீர்கள்? ஏன் செய்தாய் என்று கேட்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஏன் என்று கேட்டால் சாக்குத்தான் வரும். தம்பி நண்பனுடைய மோட்டாரை விழுத்தாட்டியிருந்தான், அப்பாவுக்குத் தெரியாமல் ரிப்பேர் செய்யப் பணம் தேடினான். பிறகு பேசாமல் இருந்தது? "அடுத்த மாசம் சம்பளத்துல திரும்ப வச்சிடலாம்னு இருந்தேன். அக்காவ எடுத்துட்டீங்க. அப்புறம் சொல்றதுக்கு ரொம்பப் பெருசாயிடுச்சு."

இதே கேள்வி எங்களிடமும் வந்தது. அவளைப் பொறுப்பிலிருந்து எடுத்தபோது நீங்கள் எதைத் தேடினீர்கள்? கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் பதில் ஒன்றுதான். வெளியே பேர் கெடக்கூடாது. உண்மையைக் கண்டுபிடிக்க ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. பேரைக் காப்பாற்ற ஒரு பிள்ளையின் பேரைக் கொடுத்தோம். தம்பி எடுத்தது 640 வெள்ளி, நாங்கள் எடுத்ததை எந்த உறையிலும் யாரும் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கவில்லை.

சமூகத்தையும் வட்டத்துக்குள் ஏன் கூப்பிடுகிறார்கள் என்று எனக்கு விளங்கியது அங்கேதான். சாட்சிக்கோ ஆதரவுக்கோ கூப்பிடுவதாக நினைத்திருந்தேன். கனடாவில் 1992-இல் நடந்த ஒரு வழக்கு இதைப் பெரிய அளவில் காட்டுகிறது. யூகோன் பகுதியில் மேயோ என்ற சின்ன ஊர். பூர்வகுடியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர் போலீஸ்காரரை அடிக்க பேஸ்பால் மட்டையோடு போன குற்றத்துக்காக நிற்கிறார். அதற்கு முன்னால் அவர்மேல் 43 குற்றத்தீர்ப்புகள். நீதிபதி பேரி ஸ்டூவர்ட் வழக்கமான நீதிமன்ற அமைப்பை மாற்றி 30 பேர் உட்கார வட்டமாக நாற்காலி போடச் சொன்னார். குடும்பத்தார், ஊர்க்காரர்கள், போலீஸ், அரசு வழக்கறிஞர் எல்லாரும் ஒரே வட்டத்தில். முன்பு பின்வரிசையில் பேசாமல் இருந்த குடும்பம் முதல் தடவையாக, இவனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னது. சிறைக்குப் பதிலாக இரண்டு வருடக் கண்காணிப்பு, குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை, குடும்பத்தோடு வாழ்க்கை என்று முடிவானது. இது விட்டுக்கொடுப்பது இல்லையா என்று கேட்கலாம். 43 தடவை விட்டுக்கொடுக்காமல் பார்த்தாகிவிட்டது என்பதுதான் அதற்குப் பதில். ஒருவனைத் திரும்பத் திரும்ப உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கிற ஊர், தன்னைப் பார்த்து ஒரு கேள்வியும் கேட்டுக்கொள்ளாமல் இருக்கலாம்.

ஆனால் எல்லாவற்றுக்கும் வட்டம் போடக்கூடாது. செய்தவர் நான் செய்யவே இல்லை என்று மறுத்தால் வட்டம் கிடையாது, அது உண்மை கண்டுபிடிக்கிற கருவி இல்லை. மேயோவிலும் குற்றம் முடிவான பிறகுதான் வட்டம் கூடியது, அதுவும் நீதிமன்றத்துக்கு உள்ளே. வீட்டில் அடி உதை, பிள்ளைகளிடம் தவறாக நடந்தது போன்ற விஷயத்தைப் போலீசுக்குக் கொண்டுபோகாமல், "நம்மளே உட்கார்ந்து பேசிக்கலாம்" என்று யாராவது இந்த வட்டத்தின் பேரைச் சொன்னால், அங்கே மூடி மறைக்கிற வேலை நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பட்டவர் பதில் சொல்வதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் வேறொருவர் முகத்தைப் பார்க்கிறாரா? அப்படி என்றால் நிறுத்திவிட வேண்டும்.

எங்கள் வட்டத்திலும் அந்த ஆபத்து வந்தது. மூன்றாவது கட்டம், அதாவது இனி என்ன செய்யலாம் என்று பேசுகிற கட்டம் தொடங்கும்போது, தங்கச்சியின் அம்மா மெதுவாக, "சரிமா, சின்னப் பையன். மன்னிச்சிட்டேன்னு சொல்லிடு" என்றார். அறையில் எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி. நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். அக்கா, "அம்மா, அதை இன்னிக்கு யாரும் கேட்கல" என்றார். தங்கச்சி, "இப்ப வரல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நம் வீடுகளில் மன்னிப்பு பெரும்பாலும் பட்டவரிடம் கேட்கிற இன்னொரு வேலையாகிவிடுகிறது. அடியும் நீ வாங்கு, அமைதியையும் நீயே கொடு. மன்னிப்பது பெரிய குணம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கடன்காரன் கடனை அடைக்கிறானா என்று பார்ப்பதற்கு முன்னால், கடன் கொடுத்தவளிடம் போய் நோட்டைக் கிழித்துவிடு என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? வட்டம் மன்னிப்பைக் கேட்பதில்லை. சரிசெய்வதைத்தான் கேட்கிறது. யார், எதை, எந்தத் தேதிக்குள். தேதி இல்லாத வாக்குறுதியை அக்கா எழுதவே மாட்டேன் என்றார். தம்பியின் அப்பா, "இனி இவன் மோட்டாரே தொடமாட்டான்" என்றபோது, "அது எனக்கு எதுக்கு அங்கிள்?" என்று தங்கச்சியே கேட்டாள். அதையும் எழுதவில்லை.

எழுதினது இவைதான். அடுத்த மாதக் கூட்டத்தில், அதே ஆட்கள் முன்னால், பணத்தைப் பற்றி மட்டும் இல்லாமல் பேசாமல் இருந்ததைப் பற்றியும் தம்பி தன் வாயால் சொல்வான். அதே கூட்டத்தில் தலைவர், விலக்கியது தவறு என்று சொல்லி, கூட்டக் குறிப்பிலும் எழுதவைப்பார். ஆண்டி தான் பேசிய 4 வீட்டுக்கும் 15 நாளுக்குள் நேரில் போய் உண்மையைச் சொல்வார். இனி டின்னை எப்போதும் இரண்டு பேர் சேர்ந்து எண்ணி இருவரும் கையெழுத்துப் போடுவது, அதற்கான நோட்டைத் தம்பி தயாரிப்பது. தங்கச்சி திரும்பி வருவாள் என்று எதிலும் எழுதவில்லை. நான் எழுதலாமா என்று கேட்டேன், அவள் தலையாட்டி மறுத்தாள்.

5 வாரம் கழித்து அதே 8 பேர் மறுபடியும் உட்கார்ந்தோம். எல்லாரும் சோம்பல்பட்டு விட்டுவிடுகிற கட்டம் இதுதான் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். பாதிதான் சரியாக நடந்திருந்தது. தம்பி பேசியிருந்தான், குரல் நடுங்க, ஆனால் முழுசாக. ஆண்டி 3 வீட்டுக்குப் போயிருந்தார். நாலாவது வீட்டுக்காரி தன் சம்பந்தி, வெட்கமாக இருக்கிறது என்றார். தலைவர் கூட்டத்தில், "சின்ன புரிந்துணர்வுக் குறைவு ஏற்பட்டது" என்று சொல்லி முடித்திருந்தார். அதைக் கேட்டதும் தங்கச்சி, "குறைவு இல்ல. நீங்க என்னைச் சந்தேகப்பட்டீங்க" என்றாள். தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. புதுத் தேதி போட்டோம். அடுத்த மாதம் அவர் எழுந்து நின்று, "நாங்கள் சந்தேகப்பட்டோம், அது தவறு" என்று சொல்லி, குறிப்பிலும் அப்படியே எழுதவைத்தார். அந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அன்றைக்குப் பார்த்தேன். நாலாவது வீட்டுக்கு ஆண்டி இன்னும் போகவில்லை.

அடுத்த தைப்பூசத்தில் தங்கச்சி பந்தல் பக்கம் வந்தாள். வேலைக்கு இல்லை, குடும்பத்தோடு சாமி கும்பிட வந்தவள் தாகத்துக்கு நின்றாள். தம்பிதான் மோர் ஊற்றிக் கொடுத்தான். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே, "டின்னு யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேர்கிட்டக்கா. நோட்டு இங்க இருக்கு, பார்க்கறீங்களா?"

வாங்கிப் பார்த்தாள். கையெழுத்து இரண்டும் இருந்தது. "மூணாவது பக்கத்துல கூட்டல் தப்பு" என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மோரைக் குடித்து முடித்துக் கிளம்பினாள்.